பெறுபேறு வெளியான வாரமும் ஒரு தொலைபேசி இலக்கமும்: வெள்ளவத்தை ஆசிரியை ஒருவரின் செய்திப் பெருக்கம் பற்றிய நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வுக்கு உரியவர் வெள்ளவத்தையில் க.பொ.த. உயர்தர மாணவர்களுக்குத் தமிழ்மொழி மூலம் இணைந்த கணிதம் கற்பிக்கும் ஓர் ஆசிரியை. உயர்தரப் பெறுபேறுகள் வெளியான ஒரு பருவத்தில், இசட் புள்ளியை வைத்துக்கொண்டு பல்கலைக்கழக விண்ணப்பத்தில் கற்கைநெறிகளை எந்த வரிசையில் இடுவது என்பதைத் தமிழில் விளக்கி அவர் ஒரு காணொளி வெளியிட்டார். தம்முடைய மாணவர்களுக்காகவே அதைச் செய்தார். அது வவுனியாவுக்கும் மட்டக்களப்புக்கும் ஹட்டனுக்கும் போய்ச் சேர்ந்தது. காணொளியின் கீழே வகுப்பு விசாரணைகளுக்காக அவர் எப்போதும் போடும் வட்ஸ்அப் இலக்கம் இருந்தது. அன்றிலிருந்து அந்த இலக்கத்துக்கு வந்த செய்திகளை அவர் எப்படிச் சமாளித்தார், எவை பலனளித்தன, எவை பலனளிக்கவில்லை என்பதே இந்த ஆய்வின் பொருள்.

நான் கொழும்பில் ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் பணியாற்றுகிறேன். நாள் முழுவதும் கோரிக்கைகளை வரிசைப்படுத்துவதே என் தொழில் என்பதால் அவர் என்னிடம் உதவி கேட்டார். தம்முடைய பெயரையும் வகுப்பின் பெயரையும் தவிர்க்கும்படி அவர் கேட்டுக்கொண்டதால் இங்கே அவரை ஆசிரியை என்றே குறிப்பிடுகிறேன்.

ஒரே வாசலில் வந்தவை

முதல் வாரத்துச் செய்திகளை அவருடன் அமர்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தபோது, எண்ணிக்கையை விட அவற்றின் கலப்பே பெரிய சிக்கல் என்று தெரிந்தது. இசட் புள்ளியைச் சொல்லி எந்தப் பல்கலைக்கழகம் கிடைக்கும் என்று கேட்ட மாணவர்கள் ஒரு பக்கம். அவர்களுக்கு நடுவே, ஆசிரியையின் வகுப்பு மாணவர்களுடைய பெற்றோர் மாதக் கட்டணத்தை வங்கியில் கட்டிவிட்டு அனுப்பிய சிட்டைகளின் படங்கள் இருந்தன. வெளிநாட்டுப் பட்டப்படிப்புகளுக்கு ஆள் சேர்க்கும் முகவர்கள், தங்கள் நிறுவனத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் தரகுப் பணம் தருவதாக எழுதியிருந்தார்கள். பாடசாலைகளின் பழைய மாணவர் சங்கங்கள் கருத்தரங்குக்கு அழைத்திருந்தன. இவை எல்லாவற்றுக்கும் அடியில், மூன்று பாடமும் சரிவரவில்லை, வீட்டாருக்கு எப்படி முகம் கொடுப்பது என்று தெரியவில்லை என்று ஒரு மாணவி இரவு நேரத்தில் எழுதிய நான்கு வரிகள் கிடந்தன.

ஆசிரியையை உண்மையில் நிலைகுலையச் செய்தது கட்டணச் சிட்டை ஒன்றுதான். ஒரு தந்தை பணம் கட்டி, சிட்டையையும் உரிய நாளில் அனுப்பியிருந்தார். அது புதியவர்களின் செய்திகளுக்கு அடியில் போய்விட்டது. கணக்கைப் பார்க்கும் உதவியாளர் அந்தப் பிள்ளையை வகுப்பில் எழுப்பி, கட்டணம் வரவில்லை என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டார். முன்பின் தெரியாத பலருக்கு இரவிரவாக உதவிக்கொண்டிருந்த ஒருவர், தம்மிடம் பணம் கட்டிப் படிக்கும் பிள்ளைக்குச் செய்ய வேண்டிய மிகச் சிறிய கடமையில் தவறும் நிலை அப்படித்தான் உருவானது. செய்திப் பெருக்கத்தின் முதற் சேதம் பெரும்பாலும் இவ்வகையானதுதான் என்பது என் தொழில் அனுபவமும்கூட. புதியவர்கள் சத்தமாகக் கேட்கிறார்கள், பழையவர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள், முதலில் பாதிக்கப்படுவது பொறுத்துக்கொண்டவர்கள்.

இதற்குச் செயலியின் அமைப்பும் ஒரு காரணம். வட்ஸ்அப் தன் பட்டியலைக் கடைசியாக வந்த செய்தியின்படி அடுக்குகிறது. ஒருவர் காலையில் தெளிவாக ஒரு கேள்வி எழுதிவிட்டுக் காத்திருந்தால் மாலைக்குள் அவர் பட்டியலின் அடியில் இருப்பார். இன்னொருவர் மணிக்கு ஒரு தடவை, ‘மிஸ் பாத்தீங்களா?’ என்று எழுதினால் அவர் எப்போதும் மேலேயே இருப்பார். வங்கியில் இலக்கத் துண்டு எடுத்துக்கொண்டு அமர்ந்திருப்பவரை விட்டுவிட்டுக் கவுண்டரில் தட்டுபவரை முதலில் அழைப்பது போன்றது இது. மேலிருந்து கீழாகப் பதில் எழுதும் எவரும், தாம் அறியாமலே, நச்சரிப்பவருக்கு முன்னுரிமை கொடுத்துவிடுகிறார். ஆகவே நாங்கள் செய்த முதல் மாற்றம் மிகச் சிறியது. வாசிக்காத செய்திகளை மட்டும் காட்டும் வடிகட்டியை அழுத்தி, பட்டியலின் அடிக்குச் சென்று, அங்கிருந்து மேல்நோக்கி வாசிப்பதை அவர் வழக்கமாக்கிக்கொண்டார்.

கணக்கு

விரைவாகப் பதில் எழுதினால் முடித்துவிடலாம் என்றுதான் ஆசிரியை முதலில் எண்ணியிருந்தார். ஆகையால் கணக்கை எழுதிப் பார்த்தோம். அந்த நாட்களில் ஏறத்தாழ 80 புதியவர்கள் ஒரு நாளைக்கு வந்தார்கள். வகுப்புகளும் வீட்டு வேலையும் போக, பதில் எழுத அவருக்கு நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரம் இருந்தது. ஒருவருடன் முழுமையாகப் பேசி முடிக்க ஏறத்தாழ ஐந்து நிமிடம் ஆனது. எனவே ஒரு நாளில் 18 பேருக்குத்தான் அவரால் பதில் சொல்ல முடியும். 62 பேர் அடுத்த நாளுக்குத் தள்ளப்படுவார்கள், ஒரு வாரத்தில் காத்திருப்போர் 400 ஐத் தாண்டுவார்கள். காத்திருப்பவர்களில் ஒரு பகுதியினர் நினைவூட்டல் எழுதுவார்கள் என்பதால் நிலுவையே புதிய செய்திகளைப் பிறப்பிக்கும். வருபவர்களின் எண்ணிக்கை, முடிக்கக்கூடிய எண்ணிக்கையை விட நாள்தோறும் கூடுதலாக இருக்கும்வரை, நள்ளிரவுவரை விழித்திருந்து வேலை நேரத்தை இரட்டிப்பாக்கினாலும் நிலுவை வளர்ந்துகொண்டேதான் இருக்கும்.

மாற்றக்கூடியவை இரண்டே. ஒன்று, ஒருவருக்காகும் ஐந்து நிமிடம். மற்றையது, வரும் 80 பேர். இந்த வரிசையில்தான் அவற்றை எடுத்துக்கொண்டோம், ஏனெனில் முதலாவதை அன்றைக்கே மாற்ற முடிந்தது.

ஐந்து நிமிடம் எங்கே போகிறது என்பதை அறிய ஒரு உரையாடலைப் பார்த்தால் போதும். ‘வணக்கம் மிஸ்’ என்று ஒரு செய்தி வரும். ஆசிரியை வணக்கம் சொல்லுவார். ‘ஒரு டவுட் மிஸ்’ என்று அடுத்தது வரும். கேளுங்கள் என்பார். ‘எனக்கு 1.2 இருக்கு, எங்க கிடைக்கும்?’ என்று மூன்றாவது. எந்தப் பிரிவு என்று கேட்க வேண்டும். பிரிவைச் சொன்ன பின் மாவட்டத்தைக் கேட்க வேண்டும், ஏனெனில் வெட்டுப்புள்ளி பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு மாவட்டத்துக்கு மாவட்டம் வேறுபடுகிறது. ஒரே புள்ளியை வைத்துக்கொண்டு கொழும்பிலும் முல்லைத்தீவிலும் ஒரே பதிலைச் சொல்ல முடியாது. இதற்குள் ஏழெட்டுச் செய்திகள் ஆகிவிடும், இடையில் அந்த மாணவர் சாப்பிடப் போயிருப்பார், திரும்பி வரும்போது ஆசிரியைக்கு அவர் யார் என்பது நினைவிருக்காது, மேலே தள்ளி மறுபடி வாசிக்க வேண்டும். பதில் சொல்லும் வேலை அதில் ஒரு நிமிடம்கூட இல்லை. எஞ்சியது எல்லாம் கேள்வியைக் கேள்வியாக்கும் வேலை.

அந்த வேலையைக் கேட்பவரிடமே கொடுக்க வட்ஸ்அப்பில் ஓர் எளிய வழி இருக்கிறது. காணொளியின் கீழே வெறும் இலக்கத்தைப் போடாமல், முன்கூட்டியே எழுதப்பட்ட வாசகத்துடன் உரையாடலைத் திறக்கும் இணைப்பைப் போடலாம்:

```
https://wa.me/94XXXXXXXXX?text=பிரிவு:%0Aமாவட்டம்:%0Aஇசட்%20புள்ளி:%0Aகேள்வி:
```

94 என்பது நாட்டுக் குறியீடு. அதற்குப் பின் இலக்கத்தின் முதற் பூச்சியத்தை விட்டுவிட்டு எஞ்சிய ஒன்பது இலக்கங்களை எழுத வேண்டும். பூச்சியத்தையும் சேர்த்து எழுதிவிட்டு இணைப்பு வேலை செய்யவில்லை என்று குழம்புபவர்கள் பலர். `%0A` புதிய வரியையும் `%20` இடைவெளியையும் குறிக்கும். இணைப்பை அழுத்தும் மாணவருக்குத் தட்டச்சுப் பெட்டியில் நான்கு தலைப்புகளும் தயாராக இருக்கும். அவர் ஒவ்வொன்றின் எதிரிலும் எழுதி அனுப்பினால் போதும். எல்லோரும் முழுமையாக நிரப்பவில்லை. சிலர் தலைப்புகளை அழித்துவிட்டு மீண்டும் ‘வணக்கம் மிஸ்’ என்றே தொடங்கினார்கள். ஆனால் பெரும்பாலோர் நிரப்பினார்கள். பல உரையாடல்கள் ஒரு கேள்வி, ஒரு பதில், ஒரு நன்றி என்று மூன்று செய்திகளில் முடிந்தன. ஒருவருக்கான நேரம் இரண்டு நிமிடமளவுக்கு இறங்கியது. அதே ஒன்றரை மணி நேரத்தில் 45 பேருக்குப் பதில் சொல்ல முடிந்தது.

கூகுள் படிவம் ஒன்றையும் முயன்றோம், கைவிட்டோம். பெறுபேற்றுத் தாளின் படத்தை இணைக்கும் வசதியைச் சேர்த்தபோது படிவம் கூகுள் கணக்கில் உள்நுழையும்படி கேட்டது. தாயின் தொலைபேசியிலிருந்து எழுதும் பிள்ளைகள் பலர் அங்கேயே நின்றுவிட்டார்கள். அதைவிட முக்கியமாக, அந்தப் படம் தேவையே இல்லை. பெறுபேற்றுத் தாளில் சுட்டெண்ணும் அடையாள அட்டை இலக்கமும் இருக்கின்றன. ஒரு தனியார் ஆசிரியையின் தொலைபேசியில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் அத்தகைய விவரங்கள் கிடப்பது நல்லதல்ல. தனிப்பட்ட தரவுப் பாதுகாப்பு தொடர்பில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் இருக்கும் நாட்டில், அதைப் பொழுதுபோக்காகச் சேர்த்து வைப்பதும் தகாது. கேட்காமலே அனுப்பப்பட்ட படங்களை அவர் அழித்துவிட்டு, புள்ளியை மட்டும் எழுதும்படி பதில் அனுப்பினார்.

கேட்பதற்கு முன் சொல்லிவிடுவது

80 பேரைக் குறைப்பதற்கு முதலில் அவர்கள் என்ன கேட்கிறார்கள் என்பதை அறிய வேண்டியிருந்தது. ஆசிரியையின் பெறாமகள் ஒருத்தி, பல்கலைக்கழக விடுமுறையில் வீட்டிலிருந்தவள், ஒரு கொப்பியில் கேள்விகளைச் சுருக்கி எழுதி, திரும்பத் திரும்ப வருபவற்றுக்குக் கோடு போட்டுக்கொண்டே வந்தாள். எதிர்பார்த்ததைப் போலவே மிகச் சில கேள்விகளே பெரும்பாலான இடத்தை நிரப்பின. இந்த ஆண்டின் வெட்டுப்புள்ளி எப்போது வரும், சென்ற ஆண்டின் வெட்டுப்புள்ளியை நம்பலாமா, விருப்பு வரிசையில் கிடைக்காது என்று தெரிந்த கற்கைநெறியை மேலே போட்டால் கீழே உள்ளவை பறிபோய்விடுமா, உளச்சார்புப் பரீட்சை தேவைப்படும் கற்கைநெறிகள் எவை, என்பன அவற்றுள் முன்னின்றன.

மூன்றாவது கேள்விக்கான பதில் எளிதானது. தெரிவு விருப்பு வரிசையின்படியே மேலிருந்து பார்க்கப்படுகிறது, தகுதி பெறும் மிக மேலான விருப்பே கிடைக்கும், எனவே மேலே போட்ட ஆசைக்காகக் கீழே உள்ளது பறிபோவதில்லை. காணொளியில் இதைச் சொல்லியிருந்தார். ஆயினும் அது பதினான்காவது நிமிடத்தில் வந்தது, அதுவரை பார்த்தவர்கள் குறைவு. இந்தக் கேள்வி வந்துகொண்டே இருந்தது, காணொளியின் எந்த இடம் தெளிவில்லாமல் இருக்கிறது என்பதற்கான அளவுகோலாகவே அமைந்தது. அவர் இரண்டு நிமிடத்தில் ஒரு கேள்விக்கு ஒரு காணொளி என்று நான்கு சிறு காணொளிகள் செய்து, முதற் காணொளியின் கருத்துப் பகுதியில் அவற்றின் இணைப்புகளை மேலே நிறுத்தி வைத்தார். அந்தக் கேள்விகள் இரண்டொரு நாளில் கண்ணுக்குத் தெரியக் குறைந்தன.

திகதிகளுடன் தொடர்புள்ள செய்திகளுக்கு வட்ஸ்அப் சனல் ஒன்றைத் தொடங்கினார். முதலில் குழு ஒன்றை அமைப்பதாகவே எண்ணியிருந்தார். குழுவில் நிர்வாகி மட்டும் எழுதும்படி அமைக்க முடிந்தாலும், உறுப்பினர்களின் இலக்கங்கள் ஒருவருக்கொருவர் தெரிந்துவிடுகின்றன. பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பெண்பிள்ளைகள் பலர் இருந்த இடத்தில் அதை ஏற்க முடியவில்லை. சனலில் பின்தொடர்பவர்களின் இலக்கங்கள் ஒருவருக்கொருவர் தெரிவதில்லை. மொறட்டுவையில் கட்டடக்கலை போன்ற கற்கைநெறிகளுக்கு உளச்சார்புப் பரீட்சை உண்டு என்பதையும், அதற்கான பல்கலைக்கழகத்தின் தனி அறிவித்தலைக் கவனிக்க வேண்டும் என்பதையும் அங்கே ஒரு தடவை எழுதினால் போதுமாயிருந்தது.

அடுத்த வாரங்களில் நாளொன்றுக்கு 40 பேரளவுக்கு எண்ணிக்கை இறங்கியது. பெறுபேற்றுப் பரபரப்புத் தணிந்ததும் அதற்கு ஒரு காரணம், ஆகவே முழுப் பெருமையையும் சிறு காணொளிகளுக்குக் கொடுக்க முடியாது. ஆனால் 45 பேருக்குப் பதில் சொல்லக்கூடிய நேரத்தில் 40 பேர் வந்தால் நிலுவை முதன்முறையாகக் குறையத் தொடங்கும். அதுவே நிகழ்ந்தது.

வாசலைப் பிரித்ததும் உறவினரும்

வகுப்புக்கான இலக்கத்தையும் பொதுவான இலக்கத்தையும் பிரிப்பதே நிரந்தரத் தீர்வு என்பதில் எனக்கு ஐயம் இருக்கவில்லை. பழைய இலக்கம் பெற்றோரிடம் பல ஆண்டுகளாக இருப்பதால் அதை அப்படியே வகுப்புக்கு விட்டு, புதிய சிம் ஒன்றை வாங்கி வட்ஸ்அப் பிஸ்னஸ் செயலியில் போட்டோம். இரண்டு செயலிகளும் ஒரே தொலைபேசியில் இருக்கலாம், ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு இலக்கம் இருந்தால் போதும். காணொளிகளின் கீழே இருந்த பழைய இலக்கத்தை எல்லா இடத்திலும் மாற்ற வேண்டியிருந்தது, பல வருடங்களுக்கு முந்திய காணொளிகளின் விவரக் குறிப்புகளிலும்கூட. பழைய இலக்கத்துக்கு வந்துவிட்ட அந்நியர்களுக்கு ஒரே வரியில் புதிய இணைப்பு அனுப்பப்பட்டது. தெரியாத இலக்கங்களிலிருந்து வரும் வட்ஸ்அப் அழைப்புகளை ஒலிக்காமல் வைக்கும் வசதியும் பயன்பட்டது.

பிஸ்னஸ் செயலியில் உள்ள தானியங்கி வரவேற்புச் செய்தியில் ஒரு பிழை நேர்ந்தது. ‘24 மணி நேரத்துக்குள் பதில் தரப்படும்’ என்று அதில் எழுதப்பட்டிருந்தது. அது நிறைவேறாத வாக்குறுதியாகி, 25 ஆவது மணியில் உரிமையுடன் கேட்கும் நினைவூட்டல்களைக் கொண்டுவந்தது. பிறகு நேரத்தை வாக்களிக்காமல், எவற்றுக்குப் பதில் கிடைக்கும், எவற்றுக்குக் கிடைக்காது, எந்தக் கிழமைகளில் பதில் எழுதப்படும், பொதுவான பதில்கள் எங்கே இருக்கின்றன என்பவற்றை மட்டும் எழுதினோம். இந்தச் செய்தி ஒருவர் முதன்முதலாக எழுதும்போதும், 14 நாள் இடைவெளிக்குப் பின் மீண்டும் எழுதும்போதும் மட்டுமே போகும் என்பதால் தொந்தரவாகவும் இருக்கவில்லை.

திரும்பத் திரும்ப எழுதும் பதில்களை விரைவுப் பதில்களாகச் சேமித்து, தட்டச்சுப் பெட்டியில் `/` இட்டு அழைக்கும் முறையைப் பெறாமகள் கற்றுக்கொண்டாள். தயாரிக்கப்பட்ட பதில் எப்போது கெட்டுப்போகிறது என்பதை அறிய ஓர் அடையாளம் உண்டு. அதை அனுப்பியதும், ‘அது இல்ல மிஸ், நான் கேட்டது…’ என்று தொடங்கும் செய்திகள் வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒரே பதிலுக்கு அவ்வாறு இரண்டு மூன்று வந்தால் பிழை கேட்பவரில் இல்லை. இரண்டாம் தடவை பரீட்சை எழுதியவர்களுக்கு முதல் தடவை எழுதியவர்களுக்கான பதிலையே அனுப்பியபோது இது நடந்தது. அந்தப் பதிலை இரண்டாகப் பிரித்தோம்.

உறவினர்களின் வழியாக வந்த கோரிக்கைகள் எந்தச் செயலியிலும் அடங்கவில்லை. ஆசிரியையின் தாயார் பம்பலப்பிட்டியில் கதிரேசன் கோயிலுக்குப் போய் வரும்போதெல்லாம் யாராவது ஒருவரின் பிள்ளையின் புள்ளியைத் துண்டுக் காகிதத்தில் கொண்டுவருவார். ‘ஒருக்கா அந்தப் பிள்ளைக்குச் சொல்லிவிடன். அவை எங்கட ஆக்கள்’ என்பார். ஆசிரியை மறுக்கவில்லை, மறுப்பது சரியுமல்ல. ஆனால் அந்தத் துண்டைத் தாயின் கையிலிருந்து வாங்கிக்கொள்வதை நிறுத்தினார். ‘அம்மா, அவையின்ர போனுக்கு இந்த லிங்கை அனுப்பிவிடுங்கோ, நான் கட்டாயம் பாப்பன்’ என்று சொல்லி, அவ்வாறு வந்தவற்றுக்குத் தனி லேபிள் இட்டார். வேண்டியவர்களுக்கு விரைவாகப் பதில் கிடைத்தது. அதே நேரம் அவர்களுடைய கேள்வியும் பிரிவும் மாவட்டமும் புள்ளியும் எழுதப்பட்ட வடிவில் வந்தது. தாயார் மகளின் பதிலை வாய்மொழியாக இன்னொருவரிடம் சொல்லும்போது மாவட்டம் மாறிப்போகும் ஆபத்தும் ஒழிந்தது. எனக்கு இந்த ஆய்வில் மிகவும் பிடித்த தீர்வு இதுதான், ஏனெனில் யாரையும் மனம் நோகச் செய்யாமல் அது வேலை செய்தது.

முகவர்களின் செய்திகளைப் பற்றி நீட்டிச் சொல்ல எதுவுமில்லை. எல்லாவற்றுக்கும் மறுப்பு, ஒரே வாசகம், இரண்டாம் தடவை எழுதினால் தடை. கருத்தரங்கு அழைப்புகள் மின்னஞ்சலுக்கு மாற்றப்பட்டு ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பார்க்கப்பட்டன. அந்த வாரங்களில் ஆசிரியையின் படத்தைப் போட்டு ஒரு போலிப் பேஸ்புக் கணக்கும் முளைத்தது, விண்ணப்பம் நிரப்பித் தருவதாகப் பணம் கேட்டது. பிரபலம் கூடும்போது இது ஏறக்குறைய உறுதியாக வரும். தாம் எந்தச் சேவைக்கும் வட்ஸ்அப் வழியாகப் பணம் வாங்குவதில்லை என்ற வரி வரவேற்புச் செய்தியின் முதலாவது வரியாயிற்று.

பதில் எழுதாவிட்டாலும் வாசிக்க வேண்டியவை

மேலே குறிப்பிட்ட அந்த மாணவியின் நான்கு வரிகளைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும். அவற்றில் சாவு, தற்கொலை என்ற சொற்கள் எவையும் இல்லை. ‘இனி இதெல்லாம் தேவையில்ல மிஸ். நீங்க நல்லா இருக்கோணும்’ என்பதுதான் கடைசி வரி. சொற்களை வைத்துத் தேடும் எந்த வடிகட்டியும் அதைப் பிடித்திருக்காது. நன்றிச் செய்தி என்று விரலால் தள்ளிவிடவும் கூடும். ஆசிரியை அதைக் காலையில் பார்த்து உடனே அழைத்தார், மாணவி எடுத்தாள், தாயாருடனும் பேசினார். நல்ல வேளையாக அது அவ்வளவில் நின்றது.

அதன் பின் ஒரு விதி வகுக்கப்பட்டது, இதில் மட்டும் நான் சிறிதும் விட்டுக்கொடுக்கவில்லை. வாசிப்பதும் பதில் எழுதுவதும் இரண்டு வேறு வேலைகள். பதில் எழுதுவதைக் கிழமை குறித்துத் தள்ளிப் போடலாம். ஆனால் வந்தவை அனைத்தும் நாளுக்கு இரண்டு தடவை, இரவு படுக்கப் போகுமுன் ஒரு தடவை உட்பட, யாராவது ஒருவரால் முழுமையாக வாசிக்கப்பட வேண்டும். முதல் வாசிப்பைப் பெறாமகள் செய்தாள். அவளுடைய வேலை லேபிள் இடுவது மட்டும். மனவேதனை தெரியும் செய்தி எதற்கும் அவள் பதில் எழுதக் கூடாது, வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டும் இருக்கக் கூடாது, ஆசிரியையை நேரே எழுப்பிச் சொல்ல வேண்டும். அத்தகைய செய்திக்கு விரைவுப் பதில் இல்லை. ஆசிரியை அழைத்துப் பேசுவார், தம்மால் இயன்றது எவ்வளவு என்பதையும் மறைக்காமல் சொல்லுவார். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற 24 மணி நேர உதவி இலக்கத்தைக் கொடுப்பார், இயன்றால் வீட்டில் இன்னொருவரையும் அழைப்பில் இணைப்பார். இளம் பெண் ஒருத்தி தனியாக இவற்றை வாசித்துக்கொண்டிருப்பது அவளுக்கே பாரமாகும் என்பதால், அன்றன்று வாசித்தவற்றைப் பற்றி இருவரும் சேர்ந்து சிறிது நேரம் பேசிக்கொள்வதையும் வழக்கமாக்கினார்கள்.

குரல் பதிவுகள் இந்த விதிக்குப் பெரும் இடையூறாக இருந்தன. மூன்று நிமிடக் குரல் பதிவைக் கண்ணால் மேய முடியாது, முழுவதையும் கேட்டால்தான் உள்ளே என்ன இருக்கிறது என்பது தெரியும். குரல் பதிவு அனுப்ப வேண்டாம் என்று எழுதிவிடலாமே என்று நான் சொன்னேன். ஆசிரியை ஏற்கவில்லை. மலையகத்திலிருந்து பேசிய பெற்றோர் பலருக்குத் தட்டச்சுச் செய்வது சிரமம் என்பதையும், பிள்ளையின் எதிர்காலத்தைப் பற்றி அவர்கள் கேட்கக்கூடிய ஒரே வழி அதுதான் என்பதையும் அவர் காட்டினார். அவர் சொன்னதே சரி. நான்கு தலைப்புகள் கொண்ட அந்த இணைப்பு, எழுதப் பழகியவர்களுக்கு வாசலைத் திறந்தபோதே மற்றவர்களுக்கு அதை ஒடுக்கியும் விட்டிருந்தது.

இதற்காகச் சனிக்கிழமை மாலை ஒரு மணி நேரம் தொலைபேசி அழைப்புகளுக்கு ஒதுக்கப்பட்டது. அந்த அழைப்புகளுக்கான இலக்கம் சனலிலும் காணொளியிலும் போடப்படவில்லை. தோட்டப் பாடசாலைகளில் கற்பிக்கும், ஆசிரியைக்கு அறிமுகமான சிலரிடம் மட்டும் கொடுக்கப்பட்டது. தேவைப்படும் பெற்றோருக்கு அவர்கள் அதைக் கொடுத்தார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் பத்துப் பேருக்கு மேல் பேச முடிவதில்லை, அழைத்தும் கிடைக்காதவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பாடசாலை ஆசிரியர்களே பதில் சொல்லக்கூடியதாக, வெட்டுப்புள்ளி அட்டவணையை மாவட்டம் மாவட்டமாகப் பிரித்து ஒரு பக்கத் தாளாக அவர்களுக்கு அனுப்பும் வேலை இப்போது நடந்துகொண்டிருக்கிறது. நுவரெலியாவுக்கான தாள் தயாராகிவிட்டது. பதுளைக்கானதைப் பெறாமகள் தயாரித்துக்கொண்டிருக்கிறாள்.